மண்சட்டியா, எவர்சில்வரா: மண்டபத்தில் கொதித்த இரண்டு குழம்புகள்

மானாமதுரையில் சட்டி வாங்க வருகிறவர்கள் விலை கேட்பதற்கு முன்பே தட்டிப் பார்க்கிறார்கள். இடது உள்ளங்கையில் சட்டியை நிறுத்தி, வலது கை விரலை மடக்கி வயிற்றுப் பக்கம் ஒரு தட்டு. ஓசை கொஞ்சம் நீண்டு அடங்கினால் நன்றாக வெந்த சட்டி. 'டொக்' என்று விழுந்த இடத்திலேயே செத்துப்போனால், ஒன்று சூளையில் வேக்காடு போதவில்லை, அல்லது கண்ணுக்குத் தெரியாத கீறல் எங்கோ ஓடியிருக்கிறது. கச்சேரி மேடைக்குப் போகும் கடமும் இதே ஊரில்தான் பிறக்கிறது. 2023இல் மானாமதுரை மண்பாண்டங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஓசை பார்த்து மண்ணை மதிப்பிடுவது இங்கே எல்லோருக்கும் கைவந்த வேலை.

நான் தேடிப் போனது மீன் குழம்புச் சட்டி. "வாய் அகலமா, குழி கம்மியா, அடி உருண்டதா எடுங்க தம்பி" என்றார் சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர். காரணத்தைக் கேட்டபோது, வேலையை நிறுத்தாமலே காட்டிக் காட்டிச் சொன்னார். சக்கரத்தில் வாயும் கழுத்தும் உருவாகி வந்த சட்டிக்கு அந்த நேரத்தில் அடியே கிடையாது. அறுத்தெடுத்துக் கொஞ்சம் காயவிட்ட பிறகு, உள்ளே ஒரு வழவழப்பான கல்லை அண்டக் கொடுத்து வெளியே தட்டுப்பலகையால் அடித்து அடித்துத்தான் அடிப்பாகத்தை இழுத்து மூடுகிறார்கள். அப்படித் தட்டும்போது மண் இறுகுகிறது, கனமும் சுற்றிலும் ஒரே சீராக வருகிறது. அடுப்புச் சூட்டில் சட்டி விரியும்போது எந்த ஒரு மூலையிலும் இழுவிசை குவிவதில்லை. கேஸ் அடுப்பில் ஆடாமல் நிற்கட்டும் என்று முழுத் தட்டையாக அடி வைத்த சட்டிகளும் அங்கே இருந்தன. அடியும் பக்கமும் சந்திக்கும் அந்த மடிப்பில்தான் அவற்றுக்குப் பெரும்பாலும் விரிசல் தொடங்கும் என்று விரலால் தடவிக் காட்டினார். நடுவில் மட்டும் ஒரு கையகலம் லேசாகத் தட்டையாக்கி, மற்றதெல்லாம் உருண்டு ஏறும் சட்டி ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

மண்ணிலும் வேறுபாடு உண்டு. தண்ணீர்ப் பானைக்குப் பிசைவதைவிடச் சமையல் சட்டிக்கு மணல் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். நுண்ணிய கீறல் ஒன்று ஓடத் தொடங்கினால் மணல் துகளில் முட்டி நின்றுவிடும். மணல் குறைந்த சட்டி மழமழப்பாக, பார்க்க அழகாக இருக்கும், ஆனால் தீயில் நிற்காது. அதனால் கொஞ்சம் சொரசொரப்பான சட்டியைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டியதில்லை. பளபளவென்று மின்னும் சட்டியைத்தான் சந்தேகிக்க வேண்டும். அலங்காரத்துக்கு வார்னிஷோ பெயின்ட்டோ அடித்ததாக இருக்கலாம், ஈயம் கலந்த கண்ணாடிப் பூச்சாகவும் இருக்கலாம். புளிக்குழம்பு கொதிக்கும் பாத்திரத்தில் ஈயம் இருக்கவே கூடாது, புளியின் அமிலம் அதைக் கரைத்துக் குழம்பில் சேர்த்துவிடும். ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் செம்மண் பூச்சு லேசாகத் துணியில் ஒட்டும், மண் வாசம் வரும். ஒன்றும் ஒட்டாமல் கண்ணாடிபோல் வழுக்கினால் அதை வாங்காமல் விடுவதே நல்லது.

வைக்கோல் திணித்துக் கட்டிக்கொடுத்த சட்டியை மடியில் வைத்துக்கொண்டு ராமேஸ்வரம் போகும் ரயிலில் ஏறி, பாம்பன் பாலத்துக்கு முன்னால் மண்டபத்தில் இறங்கினேன். அங்கே நண்பர் ஒருவரின் அக்கா வீடு. வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். அந்த அடுப்படியில் மண்சட்டியும் எவர்சில்வரும் இரண்டுமே நாள்தோறும் புழங்குகின்றன. இரண்டையும் அருகருகே வைத்து ஒரே மீனில் ஒரே குழம்பு வைத்துப் பார்க்க வேண்டும் என்று முன்பே கேட்டிருந்தேன்.

நான் கொண்டுபோன சட்டியைப் பார்த்ததும் அக்கா கையில் வாங்கி, தொட்டித் தண்ணீருக்குள் அப்படியே முக்கிவிட்டார். "இதுல இன்னைக்கு ஒண்ணும் ஆக்க முடியாது தம்பி. பழக்கணும்." சட்டியின் மேலெல்லாம் சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பின. மண்ணின் நுண்துளைகளில் இருந்த காற்று வெளியேறித் தண்ணீர் உள்ளே போகிறது. குமிழி நின்று ஒரு இரவாவது ஊற வேண்டும். பிறகு அரிசி கழுவிய தண்ணீரோ, நீர்த்த கஞ்சியோ ஊற்றிச் சின்னத் தீயில் கொதிக்கவைத்து, சட்டியிலேயே ஆறவிட வேண்டும். இரண்டு மூன்று நாள் இப்படிச் செய்தால் கஞ்சியின் மாவுச்சத்து துளைகளுக்குள் போய்க் கூழாகி அடைத்துக்கொள்ளும். அதன்பின் உள்ளும் புறமும் நல்லெண்ணெய் தடவி வெயிலில் வைத்து, முதல் சமையலாக வெங்காயமோ தேங்காய்த் துருவலோ வதக்கி எடுத்துவிட்டு, அதற்கப்புறம்தான் குழம்பு. இந்த வேலையைத் தவிர்த்தவர்களின் சட்டிதான் முதல் குழம்பிலேயே வெளிப்பக்கம் வியர்த்துக் கசியும்.

ஆகவே போட்டிக்கு வந்தது அக்காவின் பழைய சட்டி. கரியேறிக் கறுத்து, உள்பக்கம் எண்ணெய் குடித்து மினுங்கும் சட்டி. எதிர்ப்பக்கம் கடையில் பொதுவாகக் கிடைக்கும் எவர்சில்வர் பாத்திரம், ஒற்றைத் தகடு, அடி தடிமன் இல்லாதது. தூக்கிப் பார்த்தேன். சட்டி இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும், பாத்திரம் முக்கால் கிலோ. இந்த எடை வேறுபாடு பின்னால் முக்கியமாகப்போகிறது.

மீன் காலையில் வந்த விளைமீன். ஒரு கிலோவைத் துண்டு போட்டு, தலை ஒன்று, நடுத்துண்டு மூன்று என்று எண்ணி இரண்டாகப் பிரித்தார். அரைக் கிலோவுக்கு ஒரு சின்ன எலுமிச்சை அளவு புளி, ஒரு கை சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு, இரண்டு தக்காளி, மிளகாய்த்தூள் இரண்டு தேக்கரண்டி, மல்லித்தூள் மூன்று, கடைசியில் ஊற்றக் கால் மூடித் தேங்காய் அரைத்தது. இரண்டுக்கும் அளந்து வைத்தோம். ஒரே அடுப்பின் இரண்டு பர்னர், இரண்டிலும் நடுத்தரத் தீ.

எவர்சில்வரில் எண்ணெய் உடனே காய்ந்து வெந்தயம் பொரிந்தது. சட்டியில் எண்ணெய் காய ஐந்து நிமிடத்துக்கு மேல் பிடித்தது. அவசரப்பட்டுத் தீயைக் கூட்டலாமா என்று கேட்டேன். "கூட்டினா சட்டி பேசும்" என்றார். மெல்லிய 'டிக்' என்ற சத்தம் வந்தால் அடி விரியத் தொடங்குகிறது என்று அர்த்தமாம். வெங்காயம் விழுந்தபின் வேறுபாடு கண்ணுக்கே தெரிந்தது. எவர்சில்வரில் தீ வளையத்துக்கு நேர் மேலே இருந்த வெங்காயம் ஒரு வட்டமாகச் சிவந்தது, ஓரத்தில் இருந்தது வெள்ளையாகவே கிடந்தது. மசாலாத் தூள் போட்டதும் அதே வட்டத்தில் ஒட்டத் தொடங்க, அக்கா கரண்டியால் விடாமல் சுரண்டிக்கொண்டே இருந்தார். அலுமினியம், செம்பு போன்ற உலோகங்களோடு ஒப்பிட்டால் எவர்சில்வர் வெப்பத்தைக் கடத்துவதில் மிக மந்தம். மெல்லிய தகடாகவும் இருந்துவிட்டால், தீ பட்ட இடத்துச் சூடு பக்கத்துக்குப் பரவுவதற்குள் அந்த இடத்து மசாலா கருகிவிடும். கருகிய மிளகாய்த்தூளின் கசப்பு பிறகு எவ்வளவு புளி ஊற்றினாலும் போகாது. எவர்சில்வரில் மீன் குழம்பு கெடுவதற்குப் பெரும்பாலும் இந்த ஒரு நிமிடம்தான் காரணம்.

மண் எவர்சில்வரைவிடவும் மந்தமான கடத்திதான். ஆனால் சட்டியின் தடிமனுக்குள் சூடு ஊறி வரும்போது நேரமெடுத்துக்கொள்கிறது, பரவிக்கொள்கிறது. சட்டியில் தூளைப் போட்டுவிட்டு அக்கா நிதானமாகக் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார்.

புளித்தண்ணீர் ஊற்றிய பிறகு எவர்சில்வர் முந்திக்கொண்டது. சட்டி கொதிக்க இன்னும் ஐந்தாறு நிமிடம் ஆனது. கொதித்த பிறகு தீயைத் தணித்து, பச்சை வாடை போய், எண்ணெய் ஓரத்தில் பிரிந்து வரும்வரை இரண்டையும் விட்டோம். அப்புறம் தேங்காய் அரைப்பு, ஒரு கொதி, மீன்.

மண்சட்டி எதற்காக என்ற கேள்விக்கு விடை மீன் போட்ட பிறகுதான் கிடைத்தது. எவர்சில்வரில் மூடிபோட்டுச் சின்னத் தீயில் ஆறேழு நிமிடம் வைத்தார். சட்டியில் மீனைப் போட்டு ஒரு கொதி வந்து மூன்று நிமிடம் ஆனதும் தீயை அணைத்துவிட்டார். அணைத்த பிறகும் சட்டி கொதித்துக்கொண்டே இருந்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்: நான்கு நிமிடம் வரை குமிழி வந்தது. பக்கத்தில் அணைத்த எவர்சில்வர் அரை நிமிடத்தில் அடங்கிவிட்டது.

அந்த எடை இப்போதுதான் வேலை செய்கிறது. ஒரு கிலோ சுட்ட மண் ஒரு கிலோ எவர்சில்வரைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். சட்டியின் எடையும் இரண்டரை மடங்கு. ஆக மொத்தம் நான்கு மடங்குக்கும் மேலான சூடு சட்டிக்குள் சேர்ந்திருக்கிறது. அதிலும் தீயைப் பார்த்த வெளிப்பக்கம் குழம்பைவிட அதிகச் சூடாக இருக்கும். அடுப்பை அணைத்ததும் அந்தச் சூடு உள்ளே வந்துகொண்டே இருக்கிறது, ஆனால் வேகம் வரவரக் குறைகிறது. மீனுக்கு வேண்டியது சரியாக இதுதான். மீன் சதை கறியைப்போல் இல்லை, எழுபது டிகிரிக்குள்ளேயே வெந்துவிடும். சதை அடுக்குகளைக் கோத்து வைத்திருக்கும் சவ்வு அதற்கு முன்பே இளகிவிடும். அதற்கு மேல் தளதளவென்று கொதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் சதையை இறுக்கிச் சாற்றைப் பிழிகிறது, துண்டை உதிர்க்கிறது. சட்டியில் கொதி தானாகத் தணிகிறது. அக்கா மீன் போட்ட பிறகு கரண்டியே விடவில்லை. பிடித்துணியால் இரண்டு பக்கமும் பிடித்துச் சட்டியை ஒரு சுற்றுச் சுழற்றினார், அவ்வளவுதான். உருண்ட அடியில் குழம்பு புரண்டு வர, துண்டுகள் முழுசாகவே கிடந்தன. எவர்சில்வரின் தட்டை அடியில் கீழே படிந்த ஒரு நடுத்துண்டு தோலை அடியிலேயே விட்டுவிட்டு வந்தது.

சோற்றில் பிசைந்து வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுப் பார்த்தோம். எந்தக் குழம்பு எதிலிருந்து வந்தது என்று சொல்லாமலே பிள்ளைகளுக்குப் பரிமாறினார் அக்கா. மீன் எதில் நன்றாக இருக்கிறது என்பதில் யாருக்கும் தயக்கம் இல்லை, சட்டி மீன்தான். குழம்பும் சட்டியில் இன்னும் கெட்டியாக, சேர்ந்து வந்திருந்தது. ஆனால் சட்டிக் குழம்பு அடுப்பில் கூடுதல் நேரம் இருந்தது, அதன் வாயும் அகலம், அதிக நீர் வற்றியிருக்கிறது. அதைக் கணக்கில் எடுக்காமல் மண்ணைப் பாராட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை. எவர்சில்வரில் மீதம் இருந்த குழம்பிலிருந்து மீனை எடுத்துவிட்டு, குழம்பை மட்டும் சின்னத் தீயில் இன்னும் கொஞ்சம் வற்றவைக்கச் சொன்னேன். இப்போது இரண்டையும் நக்கிப் பார்த்தால் இடைவெளி பாதிக்குமேல் குறைந்திருந்தது. மிஞ்சி நின்றது ஒரு மணம். பழைய சட்டியின் துளைகளில் ஊறிக் கிடக்கும் எண்ணெயும் மசாலாவும் சூட்டில் திரும்பக் கிளம்பி வரும் மணம். புதுச் சட்டியில் அது இருக்காது, பழகப் பழகத்தான் வரும்.

மண்ணின் காரத்தன்மை புளியின் புளிப்பைச் சமன்படுத்துகிறது என்று பலர் சொல்கிறார்கள். நான் புளிப்பை மட்டும் குறிவைத்து ருசித்தேன், வேறுபாடு தெரியவில்லை. சூளையில் வெந்த மண் குழம்பில் அப்படிக் கரைந்துவிடாது, கரைந்தால் சட்டி சில மாதங்களில் தேய்ந்தே போக வேண்டும். மண்சட்டிக் குழம்பின் சுவைக்கு மண் எதையும் கலக்கத் தேவையில்லை. சூடு வரும் விதமும் போகும் விதமுமே போதும்.

சாப்பிட்ட பிறகு கழுவுகிற வேலை. எவர்சில்வரின் அடிப்பிடித்த வட்டத்தை அக்கா தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, சோப்பும் கம்பி நாரும் போட்டுத் தேய்த்தார். பத்து நிமிடத்தில் மீன் குழம்பு இருந்த தடமே இல்லை, சாயங்காலம் அதிலேயே பால் காய்ச்சலாம். சட்டிக்குச் சோப்பு கிடையாது. துளைகள் சோப்பையும் குடித்துக்கொள்ளும், அடுத்த குழம்பில் நுரை வாசம் வரும். வெந்நீர், தேங்காய் நார், கொஞ்சம் கடலை மாவு அல்லது அடுப்புச் சாம்பல். பிறகு வெயிலில் கவிழ்க்காமல் நிமிர்த்தி வைக்கிறார். ஈரம் உள்ளே அடைபட்டால் பூஞ்சை பிடிக்கும். மழைக்காலத்தில் இரண்டு நாள் புழங்காமல் மூலையில் கிடந்த சட்டியை மோந்து பார்க்காமல் அடுப்பில் ஏற்றக் கூடாது என்றார். இந்தச் சட்டியில் மீன் தவிர வேறொன்றும் வைப்பதில்லை. வைத்தாலும் கவிச்சி வாடை போகாது.

வெளிப்பக்கம் சில சட்டிகளில் வெள்ளையாகப் பொரி பொரியாகப் பூத்திருந்ததைப் பார்த்துக் கேட்டேன். அது உப்பு. குழம்பின் உப்புநீர் துளை வழியே வெளியே வந்து காயும்போது பூக்கிறது. துடைத்துவிட்டால் போகும். ஆனால் துடைத்த பிறகும் அடிக்கடி பூத்தால் சட்டி நன்றாகப் பழகவில்லை, கஞ்சி வைத்தியம் திரும்பவும் வேண்டும். விட்டுவிட்டால் உப்புப் படிகம் வளர்ந்து மண்ணைச் செதில் செதிலாக உரிக்கும்.

கொல்லைப்புறத்தில் உடைந்த சட்டிகள் கிடந்தன. கோழிக்குத் தண்ணீர் வைக்க ஒன்று, கற்றாழை வளர்க்க ஒன்று. ஒவ்வொன்றும் எப்படி உடைந்தது என்று ஓட்டைப் பார்த்தே சொல்லலாம் என்பது அங்கே நின்றபோது புரிந்தது. விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்து அங்கிருந்து கீழே கோடு இறங்கினால், குழாயிலோ அம்மியிலோ இடித்தது. அடியின் நடுவிலிருந்து நாலா பக்கமும் கிளை பிரிந்தால் அது சூட்டின் வேலை. காலிச் சட்டியை நேரே பெருந்தீயில் வைத்தது, கழுவிய ஈரத்தோடு ஏற்றியது, கொதிக்கும் சட்டியில் பச்சைத்தண்ணீர் ஊற்றியது. கேஸ் அடுப்பு வந்த பிறகு இந்த இரண்டாம் வகைதான் கூடியது என்றார் அக்கா. விறகுத் தீ சட்டி முழுவதையும் தழுவும், கேஸ் ஒரே வளையத்தில் குத்தும். இன்னொரு காரணமும் உண்டு: கிரானைட் மேடை. அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியை ஈரக் கல்மேல் வைத்தால் அடி சட்டென்று சுருங்கி விண்டுவிடும். அந்தக் காலத்து வைக்கோல் புரிமணை அழகுக்காக இருந்ததில்லை. அக்கா ஒரு பலகைத் துண்டு வைத்திருக்கிறார். அவருடைய இப்போதைய சட்டிக்கு வயது ஐந்து, அதற்கு முந்தையது ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. இந்த ஏற்ற இறக்கத்துக்குத் தயாராக இல்லாதவர், சிறு பிள்ளைகளோ வேலையாளோ பாத்திரம் கழுவும் வீட்டுக்காரர், மண்சட்டி வாங்கி மனம் நோக வேண்டாம். எவர்சில்வர் கீழே விழுந்தால் ஒரு நெளிவோடு போகும்.

மிஞ்சிய குழம்பு விஷயத்தில் நான் எவர்சில்வர் பக்கம். மறுநாள் மீன் குழம்பின் ருசி எல்லோருக்கும் தெரியும். புளியும் உப்பும் இரவெல்லாம் மீனுக்குள் இறங்குகின்றன. ஆனால் சூட்டை விடாத சட்டி, ஆறும்போதும் மெதுவாகத்தான் ஆறும். குழம்பு கொதியிலும் இல்லாமல் குளிரவும் இல்லாமல் நம் கடற்கரை வெப்பத்தில் வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடக்கும், கிருமிகளுக்குப் பிடித்த சூடு அதுதான். காலையில் திரும்பக் கொதிக்கவைத்தால் கிருமி சாகலாம், அதற்குள் உண்டான நஞ்சு எல்லாம் போய்விடும் என்று சொல்ல முடியாது. சட்டியோடு குளிர்பெட்டியில் வைத்து எடுத்து அடுப்பில் ஏற்றினால் சட்டி விரியும். அக்கா செய்தது எனக்குப் பிடித்திருந்தது: சாப்பாடு முடிந்து குழம்பு ஓரளவு ஆறியதும், மிச்சத்தை அகலமான எவர்சில்வர் தூக்கில் மாற்றிக் குளிர்பெட்டிக்குள் வைத்துவிட்டார். காலையில் வேண்டிய அளவு மட்டும் சூடு.

அவருடைய மகள் சென்னையில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள், இன்டக்‌ஷன் அடுப்பு. அதில் மண்சட்டி சூடேறாது, காந்தம் ஒட்டும் அடி இருந்தால்தான் அந்த அடுப்பு வேலை செய்யும். அவளுக்காக அக்கா கண்டுபிடித்த வழியை மாலையில் மீதி மீனை வைத்துச் செய்து காட்டினார். கனமான இரும்புத் தோசைக்கல்லை முதலில் சூடேற்றி, அதன்மேல் எவர்சில்வர் பாத்திரம். வெங்காயம் இந்த முறை வட்டமாகச் சிவக்கவில்லை, மசாலா ஒட்டவில்லை. தூள் போட்டதும் ஒரு கரண்டி புளித்தண்ணீரைத் தெளித்துக்கொண்டார், கருகாமல் இருக்க அது கூடுதல் காப்பு. மீன் போட்டு ஒரு கொதி வந்ததும் மூடிவிட்டு அடுப்பை அணைத்தார், பாத்திரத்தைக் கல்லைவிட்டு எடுக்கவில்லை. இரண்டு நிமிடத்துக்கு மேல் கொதி இருந்தது, பிறகு சூடு மெல்ல இறங்கியது. துண்டுகள் உடையவில்லை, தோல் ஒட்டவில்லை. பழைய சட்டியின் அந்த மணம் வரவில்லை. அதைத் தவிர வேறு குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கண்ணாடி அடுப்பின்மேல் கல்லை இழுக்காமல் தூக்கி வைக்க வேண்டும், இல்லையென்றால் கீறல் விழும் என்று மகளுக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தார் அக்கா.